உப்புக் கறை: ஷவரை எடை போட்டுப் பார்த்த அனுபவம்

கோயம்புத்தூருக்குத் தெற்கே, மதுக்கரைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்து சிமெண்ட் செய்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதே கல்லின் ஊடாக ஊறி வரும் தண்ணீர்தான் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றிலும் ஏறுகிறது என்பதை வீடு கட்டியபோது நான் யோசிக்கவில்லை. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. மாநகராட்சி விடுவது நல்ல தண்ணீர், ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் முதலாவது, குளிக்கவும் துவைக்கவும் இரண்டாவது என்று பிரித்துக்கொண்டு பழகிவிட்டோம். குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் குளியலறைக் குழாயின் மூக்கில் வெள்ளைத் தாடி முளைத்தது. ஷவரின் துளைகளில் பாதிக்கு மேல் அடைபட்டு, மிச்சமிருந்தவை ஆளுக்கொரு திசையில் பீய்ச்சின. அதைச் சரிசெய்யப் போய்ச் செய்த தவறுகளையும், பிறகு கண்டுகொண்ட வழியையும், மென்னீராக்கும் கருவி வாங்குவதா வேண்டாமா என்று போட்ட கணக்கையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் தவறு என் கையால் நடந்ததன்று, ஆனால் என் அனுமதியோடு நடந்தது. வேறொரு வேலைக்கு வந்த பிளம்பர் குழாயைப் பார்த்துவிட்டு, "ஆசிட்ட ஊத்தி உடுங்க சார், நொடியில போயிரும்ங்க" என்றார். கழிப்பறைக்கு வைத்திருந்த ஆசிட்டைத் துணியில் நனைத்துக் குழாயின் மேல் சுற்றினார். உப்புக் கறை நுரைத்துக்கொண்டு நொடியில் போனது உண்மைதான். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் பளபளப்பு மங்கிப் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. ஒரு கீறல் இருந்த இடத்தில் பித்தளை எட்டிப் பார்த்தது. குழாயின் வெள்ளிப் பளபளப்பு என்பது பித்தளையின் மேல் நிக்கலும், அதன் மேல் மிக மெல்லிய குரோமியமும் பூசியதால் வருவது. கழிப்பறை ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சுண்ணாம்பைக் கரைப்பதோடு நிற்காமல் குரோமியத்தையும் தின்கிறது, கீறல் வழியாக உள்ளே போய் அடிப்பூச்சையும் பெயர்க்கிறது. போன பூச்சு திரும்பி வராது. அந்தக் குழாய் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. குளியலறைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு அது ஒரு நினைவூட்டல்.

உப்புத் தண்ணீர் என்று நாம் சொன்னாலும் குழாயில் படிவது சமையல் உப்பு அன்று, பெரும்பாலும் சுண்ணாம்பு. மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. நிலத்துக்கு அடியில் இருக்கும்வரை அந்த வாயு தண்ணீரிலேயே அடங்கியிருக்கும். தண்ணீரைச் சூடாக்கினாலோ, காற்றில் தெளித்தாலோ, துளியாக நின்று காய விட்டாலோ வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்தது மறுபடி கல்லாகும். ஷவரில் சூடு, தெளிப்பு, காய்தல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நடக்கின்றன. வீட்டில் முதலில் அடைபடுவது ஷவராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதை வேதியியல் பாடமாகச் சொல்லக் காரணம் உண்டு. கால்சியம் கார்பனேட் மெல்லிய அமிலத்திலேயே கரையும் என்பதால் வீரியமான ஆசிட் தேவையே இல்லை. நம் பாட்டிமார் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்ததும் இதே நியாயத்தில்தான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். குழாய்க்குப் புளி சரிப்படாது, நார் எல்லாத் துளையிலும் போய் அடைத்துக்கொள்ளும். வெள்ளை வினிகரும், கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூளும் போதும். வினிகரில் சாதாரணமாக 4 சதவீத அசெட்டிக் அமிலம் இருக்கும். ஒரு லிட்டர் வினிகர் கணக்குப்படி அதிகபட்சம் 33 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்தால் அதன் உச்ச வரம்பு 39 கிராம். நடைமுறையில் இரண்டுமே பாதி அளவில் மந்தமாகிவிடும். சிட்ரிக் அமிலத்துக்கு வாடை இல்லை, விலையும் குறைவு என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தவறு முழுக்க முழுக்க என்னுடையது. சூடு இருந்தால் எதுவும் வேகமாகக் கரையும் என்று நினைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, கழற்றிய கைஷவரை அதில் போட்டு இரவு முழுவதும் விட்டுவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது பழைய கடினமான படிவு பெரும்பாலும் போயிருந்தது. ஆனால் அதன் இடத்தில் மாவு தூவியது போல வேறொரு வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. அது கால்சியம் சிட்ரேட். சுண்ணாம்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து உண்டாகும் இந்த உப்பு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். பெரும்பாலான பொருள்களுக்கு நேர்மாறாக, சூடான நீரில் இன்னும் குறைவாகக் கரையும். அமிலம் மிகுதியாக இருக்கும்வரை இது கரைந்த நிலையிலேயே இருக்கும். அமிலம் தீரத் தீர, நேரமும் கூடக் கூட, வெளியே வந்து படியும். வினிகரில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் கால்சியம் அசிடேட் நன்றாகக் கரையும். அந்த மாவுப் படலத்தை வினிகரும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மேலே பொருத்திய பெரிய ஷவரை அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். இந்த முறை சரியாக நடந்ததால் படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் தண்ணீர் வரும் வால்வை மூடினேன். ஷவர் திருகியிருக்கும் நட்டின் மேல் பழைய துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் ரெஞ்சைப் பிடித்துத் திருப்பினேன். துண்டு இல்லாவிட்டால் ரெஞ்சின் பல் குரோமியத்தில் பதிந்துவிடும். அசையவில்லை. மரைக்குள்ளும் சுண்ணாம்பு இறுகியிருந்தது. பலம் கொடுத்தால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ உடையும் என்று தெரியும். அதன் பிறகு டைல்ஸை உடைக்க வேண்டிவரும். வினிகரில் நனைத்த துணியை நட்டின் மேல் கட்டி, அதன் மேல் பாலிதீன் பையைச் சுற்றி, ஒரு மணி நேரம் விட்ட பிறகு ஒரு கையால் ஷவரின் தண்டைத் தாங்கிக்கொண்டு திருப்பியதும் நெகிழ்ந்து கொடுத்தது. வினிகர் தரையில் சொட்டாமல் கீழே ஒரு வாளியையும் வைத்திருந்தேன். தரை சலவைக்கல்லாக இருந்தால் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் சலவைக்கல்லும் சுண்ணாம்புதான். ஒரு சொட்டு விழுந்தாலும் மெருகு போய்விடும். டைல்ஸின் இடுக்குகளில் பூசிய வெள்ளை சிமெண்டுக்கும் அமிலம் ஆகாது.

கழற்றிய ஷவரை நன்றாக உதறி, ஒரு நாள் காய வைத்து, சமையலறைத் தராசில் வைத்தேன். 212 கிராம் காட்டியது. வெதுவெதுப்பான, கை பொறுக்கும் சூட்டில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் மூழ்க வைத்தேன். முகத்திலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின, சோடா பாட்டிலைத் திறந்தது போல. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஷவரைத் தூக்கி, தண்ணீர் நுழையும் துளை வழியாகக் கரைசலை உள்ளே ஊற்றிக் குலுக்கினேன். இதைச் செய்யாவிட்டால் உட்பக்கத்தில் காற்று அடைபட்டு, அமிலம் அங்கே போய்ச் சேராது. ஒரு மணி நேரத்தில் குமிழி நின்றது. குமிழி நிற்பதற்குக் காரணம் இரண்டு: சுண்ணாம்பு தீர்ந்திருக்கலாம், அல்லது அமிலம் தீர்ந்திருக்கலாம். எது என்று தெரிய, கரைசலில் ஒரு தேக்கரண்டி எடுத்து அதில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டேன். நன்றாகப் பொங்கினால் அமிலம் இன்னும் இருக்கிறது என்று பொருள். கொஞ்சமாகத்தான் பொங்கியது. ஆகவே பழைய கரைசலைக் கொட்டிவிட்டு, புதிதாக அதே அளவில் கலந்து இன்னும் அரை மணி நேரம் வைத்தேன். ஒரே கரைசலில் இரவெல்லாம் ஊற வைப்பதைவிட, குறைந்த நேரத்துக்கு இரண்டு முறை மாற்றுவது மேல் என்பதுதான் அந்த மாவுப் படலம் எனக்குக் கற்பித்தது.

எங்கள் ஷவரின் துளைகள் ஒவ்வொன்றிலும் சிறிய ரப்பர் முனை இருக்கிறது. ஊறிய பிறகு கட்டைவிரலால் அந்த முனைகளை ஒவ்வொன்றாக நசுக்கி உருட்டினால், அரிசி நொய் அளவில் சுண்ணாம்புத் துணுக்குகள் வெளியே வரும். உலோகத் தகட்டில் நேரடியாகத் துளையிட்ட பழைய வகையாக இருந்தால் ஊசி தேவைப்படும். அதிலும் பல்குத்தும் மரக்குச்சியே நல்லது, ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்து எடை போட்டபோது 197 கிராம். ஆக, இரண்டு ஆண்டுகளில் என் தலைக்கு மேல் 15 கிராம் கல் சேர்ந்திருந்தது. இந்த எடைக் கணக்கை வேடிக்கைக்காகத்தான் தொடங்கினேன். பிறகு இதுவே எல்லாவற்றையும் அளக்கும் கோலாகிவிட்டது.

வாஷ்பேசின் குழாயின் வாயில் இருக்கும் சல்லடையை, கடைக்காரர் ஏரேட்டர் என்பதை, விரலாலேயே கழற்றிவிடலாம். அதற்குள் இரண்டு மூன்று தட்டுகளும் ஒரு ரப்பர் வளையமும் அடுக்காக இருக்கும். கழற்றும் வரிசையிலேயே துண்டின் மேல் பரப்பி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுக்கவில்லை, ஒரு தட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, தண்ணீர் கண்ணாடி வரை தெறித்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கழற்ற முடியாத குழாய் மூக்குக்கு, கரைசல் ஊற்றிய சிறிய பாலிதீன் பையை ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட்டால் போதும். தங்க நிறமோ கறுப்போ பூசிய குழாய்களுக்கு மட்டும் இது எதையும் செய்யாமல், சோப்பு நீரும் மென்துணியும் வைத்துக்கொள்வதே நல்லது. அமிலம் பயன்படுத்தும் நாளில் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் கலந்த திரவத்தையோ குளியலறைக்குள் கொண்டுவரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகர், எலுமிச்சை உப்பு போன்ற மெல்லிய அமிலங்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாம் முடிந்த பிறகும் கண்ணாடித் தடுப்பில் ஒரு மங்கல் மிஞ்சியது. எந்த அமிலத்துக்கும் அசையவில்லை, குமிழியும் விடவில்லை. பாறைப் பகுதித் தண்ணீரில் சிலிக்காவும் கரைந்திருக்கும், ஜிப்சமும் இருக்கலாம். இவை சுண்ணாம்பைப் போல அமிலத்துக்கு மடங்குவதில்லை. அந்த மங்கலை நான் விட்டுவிட்டேன். தேய்த்தால் கண்ணாடிதான் கீறும்.

இனி வராமல் தடுப்பது. முதலில் தண்ணீரைப் பற்றி ஊகிப்பதை நிறுத்திவிட்டு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தேன். கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவான மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம், காரத்தன்மை 380, கரைந்த திடப்பொருள் 1,180 என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையின்படி கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. எங்களுடையது அதையும் தாண்டியது. காரத்தன்மை என்ற அந்த 380 முக்கியமானது. மொத்தத்தில் சூடாக்கினால் கல்லாகக்கூடிய பங்கு உத்தேசமாக அவ்வளவுதான். மிச்சம் 260 சூட்டில் படியாது, துளி முழுவதும் காய்ந்தால் மட்டுமே படியும். மாநகராட்சித் தண்ணீரை, மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றை வாங்கி நானே சோதித்தேன். தண்ணீர் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும், அவ்வளவே. கடினத்தன்மை சுமார் 60 வந்தது.

இந்த அறிக்கை கையில் வந்ததும் எனக்குத் தெளிவானது, குழாயின் வெளியே படிவதும் கீசருக்குள் படிவதும் இரண்டு தனித்தனிக் கதைகள் என்பது. வெளியே படிவது துளி காய்வதால். குளித்து முடித்த பின் குழாயிலும் ஷவரிலும் கண்ணாடியிலும் தங்கும் தண்ணீர் 20 மில்லி இருக்கும் என்று வைத்தால், ஒரு நாளைக்குப் படியும் கடின உப்பு 13 மில்லிகிராம், ஆண்டுக்கு 5 கிராமை நெருங்கும். அந்தத் துளியைத் துணியால் துடைத்துவிட்டால் அந்த 5 கிராமும் இல்லை. எந்தக் கருவியும் வேண்டாம். கொக்கியில் ஒரு துணி தொங்கவிட்டு, கடைசியாகக் குளிப்பவர் குழாயைத் துடைத்துவிட்டு வர வேண்டும் என்று சட்டம் போட்டோம். என் அம்மா முதலில், "குளிச்சிட்டு வந்தும் வேலை வெச்சிட்டானே" என்று முணுமுணுத்தார். இப்போது சட்டத்தை அமல்படுத்துவது அவர்தான். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றியதும் இதே கணக்கில்தான். தாடி முளைத்தது சொட்டிய குழாயில் மட்டுமே என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கீசருக்குள் நடப்பது துடைத்துத் தீரக்கூடியதன்று. அங்கே படிந்த கல் செதில் செதிலாக உரிந்து, சுடுநீரோடு வந்து, ஷவரின் துளைகளை உள்ளிருந்து அடைக்கிறது. நான் ரப்பர் முனைகளிலிருந்து பிதுக்கிய துணுக்குகளில் பல தட்டையாக, ஓட்டுச் சில்லு போல இருந்தன. அவை துளையில் வளர்ந்தவை அல்ல, கீசரிலிருந்து பயணம் செய்து வந்தவை. கீசரின் வெப்ப அளவு 75 பாகையில் இருந்ததை 55-க்குக் குறைத்தேன். குறைந்த சூட்டில் குறைந்த படிவு. குளிக்க அந்தச் சூடு தாராளம்.

இந்த இடத்தில்தான் மென்னீராக்கி பற்றிய பேச்சு வந்தது. முதலில் கடையில் வாங்கச் சொன்னது ஷவரின் கழுத்தில் திருகும் சிறிய வடிகட்டி. "கடின நீர் மென்னீராகும்" என்று அட்டையில் போட்டிருந்தது. தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் எனப்படும் பிசின் மணிகள் ஒரு லிட்டர், வழக்கமான அளவில் உப்புப் போட்டுப் புதுப்பித்தால், சுமார் 50 கிராம் கடின உப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த வடிகட்டிக்குள் தாராளமாக 100 மில்லி ரெசின் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அது பிடிப்பது 5 கிராம். எங்கள் தண்ணீர் லிட்டருக்கு 0.64 கிராம். ஆக, எட்டாவது லிட்டரில் அதன் வேலை முடிந்தது. ஒரு ஆள் தலைக்குச் சோப்புப் போடுவதற்குள் தீர்ந்துபோகும் பொருளை ஆறு மாதம் வரும் என்று விற்கிறார்கள். கரியோ வேறு துகளோ நிரப்பியவை குளோரினையும் தூசியையும் பிடிக்கும், சுண்ணாம்பைத் தொடாது. பாலிபாஸ்பேட் உருண்டை போட்டவை மட்டும் வேறு வகை. அவை சுண்ணாம்பை எடுப்பதில்லை, கல்லாக உருவாகாமல் கொஞ்சம் தடுக்கின்றன. அதுவும் குளிர்ந்த நீரில்தான் நன்றாக வேலை செய்யும், சூட்டில் அந்தப் பாஸ்பேட் சிதைந்து பலன் குறைந்துவிடும்.

அடுத்து, வீட்டுக்கே பொருத்தும் பெரிய கருவி. 25 லிட்டர் ரெசின் கொண்டது. செயல்விளக்கத்துக்கு வந்தவர் கரைந்த திடப்பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துத் தண்ணீரில் வைத்து எண்ணைக் காட்டி அச்சுறுத்தப் பார்த்தார். மென்னீராக்கி அந்த எண்ணைக் குறைக்கவே குறைக்காது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். இந்தக் கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. கரைந்திருக்கும் உப்பின் மொத்தம் ஏறக்குறைய அதேதான். 100 கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம் என்ற விகிதத்தில், எங்கள் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 294 மில்லிகிராம் சோடியம் கூடும். குடிக்க உதவாது, செடிகளுக்கும் ஆகாது.

ஆயினும் அது பொய்யான கருவி அன்று, சொன்னதைச் செய்யும். கேள்வி, எவ்வளவு தண்ணீரை மென்மையாக்குவது என்பதுதான். வீடு முழுவதற்கும் நாளைக்கு 700 லிட்டர் என்றால், ரெசின் பிடிக்க வேண்டியது 448 கிராம். 25 லிட்டர் ரெசினின் கொள்ளளவு 1,250 கிராம். மூன்று நாளைக்குள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க சுமார் 3.75 கிலோ உப்பு, மாதத்துக்கு 40 கிலோ. அலசிவிடும் உப்புநீர் ஒவ்வொரு தடவையும் 150 லிட்டருக்குக் குறையாது. அது எங்கள் வீட்டுத் தென்னைக்குப் போகும் வடிகாலில்தான் போய்ச் சேர வேண்டும். அந்த 700 லிட்டரில் பாதிக்கு மேல் கழிப்பறையில் ஊற்றவும் தரை கழுவவும் செலவாகிறது. அதற்கு மென்னீர் எதற்கு? குளியலுக்கும் கீசருக்கும் மட்டும் 200 லிட்டர் என்று பிரித்தால் ஒன்பது நாளைக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், மாதத்துக்கு 12 கிலோ உப்பு. இந்தக் கணக்கு நியாயமாகப் பட்டது. அதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் மென்னீர் வாரம் ஒருமுறை வாசலுக்கே வருகிறதே என்பது மனைவி கேட்ட கேள்வி. அவள் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவள், உப்புத் தண்ணீரை என்றைக்கும் மன்னித்ததில்லை.

நான்கு பேருக்கு நாளைக்கு 60 லிட்டர் சுடுநீர், வாரத்துக்கு 420. மொட்டைமாடியில் 500 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, மாநகராட்சித் தண்ணீரை அதில் ஏற்றி, கீசருக்குப் போகும் குழாயை மட்டும் அதிலிருந்து எடுத்தோம். குளிர்நீர் பழையபடி ஆழ்குழாயிலிருந்தே. செலவு, தொட்டியும் பைப்பும் கூலியும் சேர்த்து, மென்னீராக்கிக்குச் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பத்து நாள் கழித்துச் சொட்டுச் சோதனை செய்து பார்த்தேன். புதுத் தொட்டியில் 60 இருக்க வேண்டிய இடத்தில் 210. மாநகராட்சித் தண்ணீர்தான் மாறிவிட்டதோ என்று சமையலறைக் குழாயில் பார்த்தேன், அங்கே 60. ஆழ்குழாய்த் தொட்டி புதுத் தொட்டியைவிட நான்கு அடி உயரத்தில் இருந்தது. மிக்சர் குழாயில் சுடுநீரும் குளிர்நீரும் சந்திக்கின்றன. கைஷவரின் பிடியிலேயே ஒரு நிறுத்து பொத்தான் இருக்கிறது. சோப்புப் போடும்போது அதை அழுத்திவிட்டு மிக்சரைத் திறந்தபடியே விடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்த நேரத்தில் அழுத்தம் கூடிய உப்புத் தண்ணீர் மிக்சர் வழியாகச் சுடுநீர்க் குழாய்க்குள் புகுந்து, கீசரைக் கடந்து, நல்ல தண்ணீர்த் தொட்டிக்கே ஏறியிருக்கிறது. கீசருக்கு முன்னால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்க வேண்டும். பிளம்பரும் மறந்தார், நானும் கேட்கவில்லை. வால்வைப் போடும்போது கீசரின் பாதுகாப்பு வால்வு சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் சூட்டில் விரியும் தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி இனி இல்லை. தொட்டியையும் செங்கல் மேடை கட்டி அதே உயரத்துக்கு ஏற்றினோம். இந்தக் காரணத்தாலேயே, குடிநீர் எடுக்கும் தொட்டியோடு இப்படிப்பட்ட இணைப்பைக் கொடுக்கவே கூடாது. எங்களுடையது கீசருக்கு மட்டுமானது என்பதால் தப்பித்தோம்.

ஷவரில் வரும் கலவை நீர் மென்னீராகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 60 லிட்டர் நல்ல தண்ணீரும் 140 லிட்டர் உப்புத் தண்ணீரும் கலந்தால் கடினத்தன்மை 466. சோப்பு நுரைப்பதில் பெரிய மாற்றம் இல்லை, தலைமுடி பற்றிய புகார்கள் தொடர்கின்றன. நின்றது கீசருக்குள் கல் விளைவது மட்டுமே.

என் அக்கா வீட்டில் இதே யோசனை செல்லாது. எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். மாநகராட்சி இணைப்பே இல்லை, லாரித் தண்ணீரும் ஆழ்குழாயும்தான். மாடியில் சோலார் ஹீட்டர். கடினத்தன்மை 900-க்கு மேல். சோலாரில் வெயில் இருக்கும்வரை தண்ணீர் நல்ல சூட்டிலேயே கிடக்கும். குழாய்கள் அடைத்து, இரண்டு முறை முழுதாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே சுடுநீர் வரிசைக்கு மட்டும் மென்னீராக்கி வைக்கச் சொன்னேன். ஒரு சோலார் அமைப்பின் விலையை எட்டு வீடும் பங்கிட்டு மறுபடி மறுபடி கொடுப்பதைவிட மாதம் ஒரு மூட்டை உப்பு மலிவு. ரெசினை இரும்பு கெடுத்துவிடும் என்பதால், தண்ணீர் வாளியில் நின்று செந்நிறமாக மாறுகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். மாறினால் இரும்பை எடுக்கும் வடிகட்டி முன்னால் வர வேண்டும். என் கைக்கணக்கு இதுதான்: கடினத்தன்மை 300 வரை துணி போதும், அதற்கு மேல் கீசரைக் கவனிக்க வேண்டும், சோலாரோ பெரிய சுடுநீர்த் தொட்டியோ இருந்து, வேறு நல்ல தண்ணீரும் இல்லையென்றால், 600-க்கு மேல் கருவி தன் விலையைத் திருப்பித் தரும். குழாய் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை.

ஆறு மாதம் கழித்துப் போன வாரம் ஷவரைக் கழற்றினேன். மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்ததால் இந்த முறை வினிகர் கட்டாமலேயே கழன்றது. காய வைத்து எடை போட்டால் 199 கிராம். பழைய வேகத்தில் கிட்டத்தட்ட 4 கிராம் ஏறியிருக்க வேண்டிய இடத்தில் 2 கிராம். அதில் தொட்டிக்கு எவ்வளவு, அம்மாவின் துணிக்கு எவ்வளவு என்று தராசு பிரித்துச் சொல்லவில்லை. ரப்பர் முனைகளை உருட்டிப் பார்த்தேன். பொடிதான் உதிர்ந்தது, ஓட்டுச் சில்லு ஒன்றுகூட வரவில்லை.